காசு கட்டுமுன் டிக்கெட் விதிகளை வாசிப்பது எப்படி? ஒரு கொழும்பு–லண்டன் டிக்கெட்டை வைத்து முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் ஒரு டிக்கெட் ஏஜென்சியின் மேசையில் பதினொரு வருடம் இருந்தவன் நான். காசு கட்டுமுன் எல்லோரும் திகதியைப் பார்ப்பார்கள், பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்பார்கள். திகதி மாற்றினால் என்ன, பயணமே நின்றுபோனால் என்ன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வி மூன்று மாதம் கழித்து வரும். அப்போது மேசையில் இருக்கிறவனால் ஒன்றும் செய்ய ஏலாது.

எந்த வரிசையில் வாசிப்பது என்று விளங்க, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, எட்டு வயது மகள். லண்டனில் தம்பிக்குக் கல்யாணம். விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஆனால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் வேண்டும்: வரிகளைப் பிரித்துக் காட்டும் விலைக் கணக்கு, போக்குக்கும் வரவுக்கும் தனித்தனியாக, கட்டண வகையைக் காட்டும் Fare basis எனப்படும் குறியீடு, அந்தக் குறியீட்டுக்குரிய PENALTIES பகுதியின் முழு வாசகம். ஏஜென்சியில் வாங்கினால் "பெனல்டி பக்கத்தை மின்னஞ்சலில் போட்டுவிடுங்கோ" என்று கேட்டாலே போதும். அவர்களுடைய கணினியில் அது கட்டண விதிகளின் 16ஆம் பிரிவு. எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. இணையத்தில் வாங்கினால், காசு கட்டும் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் Fare rules அல்லது Fare conditions என்று சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும்.

இதோடு உங்களுக்கு நீங்களே ஒரு பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். திகதி மாறக்கூடுமா, அல்லது பயணமே நின்றுபோகக்கூடுமா? இரண்டும் ஒன்றல்ல. நம் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் பயம், விசா மறுத்தால் பயணமே இல்லை. ஆகவே அவர்கள் முதலில் வாசிக்க வேண்டியது ரத்து விதி. மாற்று விதி பிறகு.

1. விலையைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் விலை, அப்புறம் விதி. எந்தத் தொகையின் மேல் விதி பாய்கிறது என்று தெரியாமல் விதியை வாசித்துப் பயனில்லை. ஒரு ஆளுக்கான கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
FARE   LKR 128000
TAX    LKR  54000 YQ
TAX    LKR  38000 XT
TOTAL  LKR 220000
```

FARE என்பது அடிப்படைக் கட்டணம். XT என்பது பல வரிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. கட்டுநாயக்கவில் புறப்படுவதற்கான வரி, லண்டனில் இருந்து திரும்பும்போது பிரிட்டன் அரசு அறவிடும் வரி எல்லாம் அதற்குள் இருக்கும். பறக்காவிட்டால் இவை பெரும்பாலும் திரும்பி வரும்.

நடுவில் இருக்கும் YQதான் ஆட்களை ஏமாற்றுவது. சில நிறுவனங்கள் YR என்றும் போடும். வரிகளோடு வரிசையில் நின்றாலும் அது வரி அல்ல, விமான நிறுவனம் தானே போடும் மேலதிகக் கட்டணம். "வரியெல்லாம் திருப்பித் தருவாங்கள்" என்று சொல்லும்போது வாடிக்கையாளர் 92,000 ரூபாயை நினைப்பார். விதியில் YQ/YR NON-REFUNDABLE என்று ஒரு வரி இருந்தால் வரப்போவது 38,000 மட்டும். அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் PENALTIES பகுதியின் கடைசியில், NOTE என்ற தலைப்பின் கீழ் கிடக்கும்.

2. போக்குக்கும் வரவுக்கும் ஒரே விதியா என்று பாருங்கள்

மலிவாக வரட்டும் என்று இணையத்தளம் போக்கில் ஒரு வகைக் கட்டணத்தையும் வரவில் இன்னொரு வகையையும் சேர்த்துவிடும். இரண்டு Fare basis குறியீடுகளும் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டு விதிகளையும் வாசிக்க வேண்டும். இரண்டும் மோதும்போது எது செல்லும் என்பதும் விதியிலேயே இருக்கும். MOST RESTRICTIVE என்ற சொல் வந்தால், இரண்டில் கடுமையானது முழு டிக்கெட்டுக்கும் பாயும். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடக் காசு கொடுத்து 'மாற்றக்கூடிய' கட்டணம் எடுத்ததில் அர்த்தமில்லாமல் போகலாம்.

3. PENALTIES பகுதியை நான்கு கட்டமாக வாசியுங்கள்

நம் குடும்பத்துக்கு வந்த கட்டணத்தின் விதி இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

```
CHANGES
  ANY TIME
    CHARGE USD 100 FOR REISSUE.
    CHARGE USD 200 FOR NO-SHOW.
CANCELLATIONS
  BEFORE DEPARTURE
    CHARGE USD 150 FOR CANCEL/REFUND.
    TICKET IS NON-REFUNDABLE IN CASE OF NO-SHOW.
  AFTER DEPARTURE
    TICKET IS NON-REFUNDABLE.
NOTE - YQ/YR NON-REFUNDABLE.
```

இதை மேலிருந்து கீழே கதை வாசிப்பதுபோல் வாசித்தால் குழம்பும். ஒரு தாளில் நான்கு கட்டம் கீறுங்கள். மேலே மாற்றம், ரத்து. பக்கத்தில் புறப்படுமுன், புறப்பட்டபின். ஒவ்வொரு கட்டத்திலும் தொகையை எழுதுங்கள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், கேட்டு நிரப்பும்வரை காசு கட்டாதீர்கள்.

இங்கே BEFORE DEPARTURE என்பது முழுப் பயணத்தின் முதல் விமானம் கிளம்புமுன் என்று பொருள். லண்டன் போய் இறங்கியபின் திரும்பும் திகதியை மாற்றினால், திரும்பும் விமானத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தாலும் அது AFTER DEPARTURE. கன பேர் தடுக்குவது இந்த இடத்தில்தான். புறப்பட்டபின் ரீஃபண்ட் உண்டு என்று இருந்தாலும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். பறந்த பகுதிக்கு ஒருவழிக் கட்டணம் என்ன என்று நிறுவனம் புதிதாகக் கணக்குப் போட்டு, அதை நீங்கள் கட்டியதில் கழிக்கும். ஒருவழிக் கட்டணம் பல தடவை இருவழியின் பாதியைவிட மிகக் கூட. மிச்சம் பெரும்பாலும் வரியளவுதான் நிற்கும்.

சரி, நம் குடும்பத்தின் விசா மறுக்கப்பட்டது, விமானத்துக்கு முதல் ரத்துச் செய்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்போம். 150 டொலர் என்றால் 45,000 ரூபாய். "220,000இல 45,000 போனா 175,000 வருமே அண்ணா" என்று ஒருவர் என் மேசையில் விரல் விட்டு எண்ணியதை இன்னும் மறக்கவில்லை. YQ 54,000உம் போகிறது. வருவது 121,000. மூன்று பேருக்கும் அந்தக் கணக்கில் எதிர்பார்ப்பது 525,000, கிடைப்பது 363,000. இணையத்தளத்தில் விலையோடு வரும் REFUNDABLE என்ற பச்சை எழுத்து பொய் சொல்லவில்லை. எவ்வளவு என்றுதான் அது சொல்லவில்லை.

அபராதம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனி என்பதையும் கவனியுங்கள். பிள்ளைக்குக் குறைவா, கைக்குழந்தைக்கு இல்லையா என்பது விதியில் CHILD, INFANT என்ற சொற்களோடு வரும். சொல்லாவிட்டால் முழுத்தொகை என்று எடுத்துக்கொள்வதே புத்தி.

4. NO-SHOW வரியில் நின்று வாசியுங்கள்

விமானத்துக்கு வராமலும், வரமாட்டேன் என்று முன்பே அறிவிக்காமலும் இருப்பதுதான் நோ-ஷோ. மேலே உள்ள விதியில் அதன் விலையைப் பாருங்கள். நேரத்துக்கு ரத்துச் செய்தால் 121,000 வரும் அதே டிக்கெட், நோ-ஷோ ஆனால் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட். வந்தால் வரி மட்டும்தான் வரும். அதோடு போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் விமான இடத்தையும் கணினி தானாகவே நீக்கிவிடும்.

கொழும்பில் ஆட்கள் நோ-ஷோவில் மாட்டுவதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பல சாமத்தில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14ஆம் திகதி 02:50 என்றிருந்தால், 13ஆம் திகதி இரவே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். விசா வராததால் 'நாளைக்குக் காலையில் ஏஜென்சி திறந்ததும் மாற்றுவோம்' என்று 13ஆம் திகதி படுத்தவர் 14ஆம் திகதி ஒன்பது மணிக்கு போன் எடுப்பார். விமானம் போய் ஆறு மணித்தியாலம். ஏஜென்சி பூட்டுமுன், அதாவது 13ஆம் திகதி பின்னேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் 4, சிலவற்றில் 24, சிலவற்றில் 72 மணித்தியாலம். அந்த எண்ணைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். நோ-ஷோத் தொகை மாற்றக் கட்டணத்துக்குப் பதிலா, அதற்கு மேலதிகமா என்பதையும் கேளுங்கள். நம் விதியில் 100உம் 200உம் சேர்ந்தால் 300 டொலர். இப்படி வெறுமனே எழுதியிருந்தால் இரண்டு விதமாகவும் எடுக்கலாம்.

ஒரு தொழில் இரகசியம். முடிவு எடுக்க முடியவில்லை என்றால், இடத்தை மட்டும் விடுவித்துவிட்டு டிக்கெட்டைத் திறந்தபடி வைக்கச் சொல்லலாம். இடத்தை விடுவிப்பது வேறு, டிக்கெட்டை ரீஃபண்டுக்குப் போடுவது வேறு. இணையத்தளத்தில் Cancel பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒரேயடியாக நடந்துவிடலாம். ஏஜென்சியில் என்றால் தனித்தனியாகச் செய்யலாம். "சீட்டை மட்டும் விடுங்கோ, ரீஃபண்ட் போடாதேங்கோ" என்று எழுத்தில் அனுப்புங்கள்.

5. மாற்றக் கட்டணத்தோடு விலை வித்தியாசத்தையும் கூட்டுங்கள்

"மாற்ற 100 டொலர்" என்பது மாற்றுவதற்கான கூலி மட்டும். புதிய திகதியில் அதே கட்டண வகையில் இடமில்லை என்றால், அடுத்த வகையின் விலை வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். விதியில் மாற்றம் FREE என்று இருந்தாலும் வித்தியாசம் FREE அல்ல. புதிய திகதியில் அடிப்படைக் கட்டணம் 149,000 என்றால் 21,000 வித்தியாசம், 30,000 கூலி, ஒரு ஆளுக்கு 51,000 ரூபாய்.

இதை முன்கூட்டி மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. நீங்கள் மாற்றக்கூடிய திகதிக்கு இன்றைக்கு விலை என்ன என்று தேடிப் பாருங்கள். இன்றே எகிறி நிற்கிறது என்றால் நாளைக்குப் பெரும்பாலும் இறங்காது. ஆடி, மார்கழி விடுமுறைப் பக்கம் தள்ளுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

6. மலிவானதா, கூடியதா? இப்போதுதான் ஒப்பிடலாம்

அதே விமானத்தில் 198,000க்கு இன்னொரு டிக்கெட் இருக்கிறது. வரியும் YQவும் அதே, அடிப்படைக் கட்டணம் மட்டும் 106,000. ரத்துச் செய்தால் வரி மட்டும் வரும், மாற்ற 150 டொலர்.

விசா மறுக்கப்பட்டால் மலிவானதில் இழப்பு 160,000, கூடியதில் 99,000. ஆக, 22,000 கூடக் கொடுத்தால் 61,000ஐக் காப்பாற்றலாம். விசா கிடைத்தால் அந்த 22,000 வீண், மறுத்தால் 61,000 மிச்சம்; ஆகவே மறுப்புப் பயம் ஏறத்தாழ 27 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கூடியதே இலாபம். விசா கையில் இருக்கிறது, திகதி ஒரு தடவை மாறலாம் என்ற அளவு பயம்தான் என்றால் கதை தலைகீழ். மாற்றக் கூலியில் வித்தியாசம் 15,000 மட்டும், அதற்காக 22,000 கொடுப்பானேன்? ஆனால் மலிவான வகை சீக்கிரம் விற்றுத் தீரும், அதனால் பிறகு வரும் விலை வித்தியாசம் அதில் பெரிதாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

விசா மறுத்தால் அபராதம் இல்லை என்று சில கட்டணங்களில் இருக்கும். அது VISA REJECTION, WAIVER என்ற சொற்களோடு விதியில் எழுதியிருந்தால்தான் செல்லும். மறுப்புக் கடிதம், அதன் திகதி, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் கூடவே வரும். "அதெல்லாம் தருவாங்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பி நான் என் சொந்த மாமாவுக்கே ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். விதியில் மரணத்துக்கு மட்டும்தான் விலக்கு இருந்தது. மாமா ஒரு வருடம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

7. வவுச்சர் என்றால் எந்த வவுச்சர் என்று கேளுங்கள்

ரத்துக்குப் பதிலாகப் பணம் வராமல் 'கிரெடிட்' வரும் என்று விதி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது யார் கொடுக்கிறார் என்பது. விமான நிறுவனம் தரும் வவுச்சருக்குப் பெரும்பாலும் டிக்கெட் போலவே 13 இலக்க எண் இருக்கும், முதல் மூன்றும் அந்த நிறுவனத்தின் குறியீடு. ஏஜென்சி தன் கடிதத்தாளில் தரும் கிரெடிட், ஏஜென்சி உங்களுக்குப் பட்ட கடன். அந்தக் கடை இருக்கும்வரைதான் அதற்குப் பெறுமதி.

அடுத்தது திகதி. "ஒரு வருடம் செல்லும்" என்ற வசனத்தில் இரண்டு ஓட்டை உண்டு. வருடம் எப்போது தொடங்குகிறது? பல இடங்களில் வவுச்சர் தந்த நாளில் அல்ல, முதல் டிக்கெட் எடுத்த நாளில். தை மாதம் டிக்கெட் எடுத்து ஐப்பசியில் ரத்துச் செய்தால் மிச்சம் மூன்று மாதம். அந்தத் திகதிக்குள் புதிய டிக்கெட் எடுத்தால் போதுமா, பயணமே முடிந்திருக்க வேண்டுமா? இரண்டாவது என்றால் அந்த மூன்று மாதமும் குறைந்துவிடும்.

பெயரையும் பாருங்கள். வவுச்சர் வழக்கமாக டிக்கெட்டில் பெயர் உள்ளவருக்கே. மகளுடைய வவுச்சரை அப்பாவின் டிக்கெட்டில் கழிக்க விடமாட்டார்கள். குறைந்த விலை டிக்கெட் எடுத்தால் மிச்சம் நிற்குமா, அழியுமா என்றும் கேளுங்கள். வவுச்சரால் எடுத்த டிக்கெட்டைத் திரும்ப ரத்துச் செய்தால் பெரும்பாலும் காசு கிடையாது.

8. ரீஃபண்டுக்கு இரண்டு கெடுக்கள்

ஒன்று, எப்போதைக்குள் ரத்துச் செய்ய வேண்டும் என்பது. அதை மேலே பார்த்தோம். மற்றது, ரத்துச் செய்தபின் எப்போதைக்குள் ரீஃபண்ட் கேட்க வேண்டும் என்பது. பறக்காத டிக்கெட் வழமையாக எடுத்த நாளில் இருந்து ஒரு வருடம் உயிரோடு இருக்கும், கேட்பதையும் அதற்குள் கேட்பதே பாதுகாப்பு. இடத்தை விடுவித்துவிட்டு 'காசு தானாக வரும்' என்று இருந்தவர்களின் டிக்கெட்டுகள் என் மேசையிலேயே செத்திருக்கின்றன.

"24 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் முழுக்காசும் வரும்" என்று கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் சொல்லியிருப்பார். அது அமெரிக்க அரசின் விதி. அமெரிக்காவுக்குப் போகும், வரும் விமானங்களை ஏழு நாளாவது முன்கூட்டி, நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால் செல்லும். கொழும்பு–லண்டனுக்கு அது பொருந்தாது. நிறுவனம் தானாக அப்படி ஒரு சலுகை வைத்திருந்தால் சரி, விதியில் தேடிப் பாருங்கள்.

காசு வரும் பாதையையும் கேளுங்கள். கட்டிய வழியிலேயே திரும்பும். கடனட்டையில் கட்டினால் அட்டைக்கு, ஏஜென்சியில் கட்டினால் ஏஜென்சிக்கு வந்து பிறகு உங்களுக்கு. ஏஜென்சி தன் சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தராது, ரீஃபண்ட் போடுவதற்கும் ஒரு தொகை எடுக்கலாம். அதை முன்பே பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அட்டையில் தவணைமுறைக்கு மாற்றியிருந்தால், ரீஃபண்ட் வந்தாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம். வங்கிக்கு போன் எடுத்து நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் நீங்களாக ரத்துச் செய்யும்போது. விமானத்தை நிறுவனமே ரத்துச் செய்தால் அபராத விதி பாயாது. ஆகவே 'ஓடாதாம்' என்று செய்தி கேட்டவுடன் பதறி Cancel அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் அறிவித்தல் வரும்வரை பொறுங்கள். முந்தி அழுத்தினால் அது உங்கள் விருப்பத்தில் செய்த ரத்தாகப் பதிவாகிவிடும்.

9. காசு கட்டிய அன்று பின்னேரமே சரிபாருங்கள்

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு இடத்தை வடிவாகப் பாருங்கள். பாஸ்போட்டில் உள்ளபடி பெயர், நீங்கள் வாசித்த அதே Fare basis. காசு கட்டும் இடைவெளியில் மலிவான வகை தீர்ந்து வேறு வகையில் டிக்கெட் போட்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் வாசித்தது வேறு டிக்கெட்டின் விதி.

அன்றே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏஜென்சி போட்ட டிக்கெட்டை அன்றைய திகதி முடியுமுன் 'வொய்ட்' செய்ய, அதாவது போடாததுபோல் அழிக்க, பெரும்பாலும் முடியும். விமான நிறுவனத்தின் அபராதம் வராது, ஏஜென்சி சிறு தொகை கேட்கலாம். எல்லா நிறுவனமும் விடாது, அதைக் காசு கட்டுமுன்னே கேட்டுவையுங்கள். கணினிக்கு நள்ளிரவுவரை நேரம் இருந்தாலும், காலி வீதிக் கடைக்காரர் ஆறு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டால் உங்கள் நேரமும் ஆறு மணியோடு முடிந்தது. சனிக்கிழமை அரைநாள் திறக்கும் கடை என்றால், டிக்கெட்டைக் காலையிலேயே எடுங்கள்.